2^(n+3) − 2^n மாதிரி கணக்கெல்லாம் காமன் பவரை வெளிய எடுத்து சுருக்குறது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒன்பதாவது பத்தாவது பசங்களுக்கு சாயங்காலம் டியூஷன் எடுக்குறேன், அடுக்குகள் பாடம் வந்தாலே ஒரு கணக்கு கண்டிப்பா வரும், ரெண்டு பவர் என் பிளஸ் மூணு, அதுல இருந்து ரெண்டு பவர் என்-ஐ கழி, சுருக்கு. பார்க்க சின்னதா இருக்கும். ஆனா இதுல நிறைய பேர் எழுதுற விடை எட்டு. எப்படின்னு கேட்டா "மேல n+3-ல n போச்சு, மூணு மிச்சம், ரெண்டு பவர் மூணு எட்டு, அவ்வளவுதான் அக்கா"ன்னு ரொம்ப நம்பிக்கையா சொல்வாங்க. அந்த எட்டு ஏன் வருது, அது ஏன் தப்பு, சரியான வழி என்ன, அதுக்கப்புறம் இதே வழிய வச்சு கொஞ்சம் பெரிய கணக்கெல்லாம் எப்படி போடுறதுன்னு முழுசா எழுதுறேன். பக்கத்துல ஒரு பேப்பர் பேனா வச்சுக்கங்க.

முதல்ல எழுதுற விதத்தை பத்தி ஒண்ணு. போன்லயோ கம்ப்யூட்டர்லயோ டைப் பண்ணும்போது பவர் முழுசையும் பிராக்கெட்டுக்குள்ள போடணும். ஏன்னா இந்த ரெண்டும் வேற வேற கணக்கு:

```
2^(n+3) - 2^n
2^n + 3 - 2^n
```

ரெண்டாவதுல மூணு தரையில நிக்குது, பவர்ல இல்ல, அதனால 2^n-ம் 2^n-ம் அடிபட்டு விடை வெறும் 3. நாம பார்க்கப்போறது முதல் கணக்கு, மூணும் மேல மாடியில n கூட உக்காந்திருக்கிற கணக்கு.

மேல இருக்கிற +3-க்கு என்ன அர்த்தம்

ஒரு நோட்டு பேப்பரை கிழிச்சு கையில எடுங்க. ஒரு தடவை பாதியா மடிச்சா ரெண்டு அடுக்கு, இன்னொரு தடவை மடிச்சா நாலு, அடுத்து எட்டு. n தடவை மடிச்சா 2^n அடுக்கு. இப்ப ரெண்டு தடவை மடிச்சதோட நிறுத்திட்டு ஓரத்தை பாருங்க, நாலு அடுக்கு இருக்கும். அதையே இன்னும் மூணு தடவை மடிங்க (கடைசி மடிப்பு கொஞ்சம் அழுத்தித்தான் மடிக்கணும், ஆனா மடிஞ்சிரும்), இப்ப எத்தனை அடுக்கு? நாலு பிளஸ் மூணு ஏழு இல்ல, நாலு பிளஸ் எட்டு பன்னெண்டும் இல்ல. 32. நாலு இருந்தது எட்டாச்சு, பதினாறாச்சு, முப்பத்திரண்டாச்சு, அதாவது முன்னாடி இருந்ததைப் போல எட்டு மடங்கு.

இதுதான் மொத்த விஷயமும். பவர்ல மூணு கூடுனா கீழ மதிப்பு மூணு கூடுறது இல்ல, மூணு தடவை இரட்டிக்குது, எட்டால பெருகுது. மாடியில கூட்டல்னா தரையில பெருக்கல். அதைத்தான் விதியா இப்படி எழுதுறோம்:

```
2^(n+3) = 2^n · 2^3 = 8 · 2^n
```

a^(m+n) = a^m · a^n-ங்கிற விதி எல்லாருக்கும் மனப்பாடமா தெரியும், ஆனா அதை இடமிருந்து வலமா, அதாவது ஒரு பவரை ரெண்டா பிரிக்கிறதுக்கு யூஸ் பண்ணலாம்னு யாருக்கும் சட்டுனு தோணாது, ஏன்னா வீட்டுக்கணக்கு எல்லாத்துலயும் சேர்க்கத்தான் பழகியிருப்பாங்க. இந்த கணக்குக்கு பிரிக்கிறதுதான் வேணும்.

இப்ப கணக்கு

எட்டு கட்டு 2^n இருக்கு, அதுல ஒரு கட்டு 2^n-ஐ எடுத்துட்டோம். மிச்சம் ஏழு கட்டு.

```
2^(n+3) - 2^n
= 8 · 2^n - 1 · 2^n
= 2^n (8 - 1)
= 7 · 2^n
```

ரெண்டாவது வரியில அந்த 1-ஐ நான் வேணும்னேதான் எழுதியிருக்கேன். காமனா 2^n-ஐ வெளிய எடுத்தா, ரெண்டாவது 2^n இருந்த இடத்துல ஒண்ணுமில்லன்னு நினைச்சு பிராக்கெட்டை 8 − 0-ன்னோ வெறும் 8-ன்னோ எழுதிடுவாங்க. முழுசா வெளிய எடுத்தா உள்ள மிஞ்சுறது சைபர் இல்ல, ஒண்ணு, ஏன்னா நாம கழிச்சு எடுக்கல, வகுத்து எடுக்குறோம், 2^n-ஐ 2^n-ஆல வகுத்தா 1. இது பழக்கமாகுற வரைக்கும் அந்த 1-ஐ எழுதிட்டே போடுங்க, ஒரு பத்து கணக்குக்கு அப்புறம் அது தானா மனசுல வந்துரும்.

மடிச்ச பேப்பர்லயும் இது சரியா வருது, 32-ல 4 போனா 28, ஏழு நாலு இருபத்தெட்டு.

எட்டு எங்க இருந்து வருது

பவரை பவர்ல இருந்து கழிக்கிறது வகுத்தலுக்கு உண்டான விதி. 2^(n+3)-ஐ 2^n-ஆல வகுத்தா தாராளமா 8-ன்னு எழுதலாம். கழித்தலுக்கு அப்படி ஒரு விதியே கிடையாது, கூட்டலுக்கும் கிடையாது. அதனாலதான் நாம பொதுவானதை வெளிய எடுத்து, கழித்தலை சாதாரண நம்பருக்குள்ள கொண்டு வர்றோம்.

விடைய சோதிச்சுப் பார்க்க n-க்கு ஒரு நம்பர் போட்டா போதும், ஆனா இதுலயும் ஒரு குழி இருக்கு, அதை ஒரு பொண்ணோட நோட்டுல பார்த்துதான் நானே கவனிச்சேன். அவ 7 · 2^n வரைக்கும் சரியா வந்துட்டா, அடுத்த வரியில ஏழையும் ரெண்டையும் பெருக்கி 14^n-ன்னு எழுதிட்டா. "n-க்கு நம்பர் போட்டுப் பாரு கண்ணு"ன்னேன். n = 1 போட்டா, கணக்கு 16 − 2 = 14, அவ விடையும் 14. "சரியாத்தானே அக்கா வருது"ன்னு நிமிர்ந்து பார்த்தா. அவ சொன்னது நியாயம்தான், n = 1-ல ரெண்டும் ஒண்ணாத்தான் வரும். "அடுத்து ரெண்டு போடு"ன்னேன். கணக்கு 32 − 4 = 28, அவ விடை பதினாலு பதினாலு 196. கொஞ்ச நேரம் அந்த 196-ஐயே பார்த்துட்டு இருந்துட்டு, 14^n-ஐ அடிச்சுட்டு மேல இருந்த வரியை வட்டம் போட்டா.

அதனால சோதனைக்கு n = 1 போதாது, ரெண்டோ மூணோ போடுங்க. அந்த ஏழு பவருக்கு வெளிய நிக்குது, n தடவை பெருகுறது ரெண்டு மட்டும்தான், ஏழு ஒரே ஒரு தடவைதான் பெருகுது. இதே காரணத்தாலதான் 2 · 2^n-ஐ 4^n-ன்னு எழுதக்கூடாது, அது 2^(n+1).

எதை வெளிய எடுக்குறது

முதல் கணக்குல 2^n-ன்னு பார்த்த உடனே தெரிஞ்சுது. இப்ப இதைப் பாருங்க:

```
2^(n+1) - 2^(n-2)
```

இதுல 2^n-ஏ கண்ணுக்குத் தெரியல. இதுக்கு நான் சொல்றது, பவர்ல எது சின்னதோ அதை வெளிய எடுங்க. இங்க n−2 சின்னது. அப்ப பெரிய பவர் சின்னதை விட எவ்வளவு கூடன்னு பார்க்கணும், அதாவது (n+1) − (n−2). இதை பிராக்கெட் இல்லாம அவசரமா n + 1 − n − 2-ன்னு எழுதினா −1 வரும், அங்கயே கணக்கு போச்சு. மைனஸ் உள்ள போகும்போது −2 வந்து +2 ஆகும், அதனால 1 + 2 = 3. நம்பர்கோட்டுல −2-ல இருந்து +1-க்கு எத்தனை படின்னு எண்ணுனாலும் மூணுதான், எனக்கு அப்படி எண்ணுறதுதான் வசதி, பசங்களுக்கும் அப்படித்தான் சொல்லித்தர்றேன்.

```
= 2^(n-2) (2^3 - 1)
= 7 · 2^(n-2)
```

n = 2 போட்டுப் பாருங்க, 8 − 1 = 7, இந்தப் பக்கமும் 7 · 1 = 7. n = 3 போட்டா 16 − 2 = 14, இந்தப் பக்கம் 7 · 2.

சிலர் பிடிவாதமா 2^n-ஐத்தான் எடுப்பேன்னு எடுப்பாங்க, அதுவும் தப்பில்ல, 2^n (2 − 1/4) வரும், சுருக்குனா 2^n · 7/4, நாலை 2^2-ன்னு எழுதுனா திரும்ப 7 · 2^(n−2)-தான். ஆனா நடுவுல பின்னம் வந்து உக்காந்துக்கும், பின்னம் வந்தா கழிக்கிறதுல தப்பு வர வாய்ப்பு அதிகம். சின்ன பவரை எடுத்தா பிராக்கெட்டுக்குள்ள எப்பவும் முழு எண்தான் வரும், அதுக்காகத்தான் சின்னதை எடுக்கச் சொல்றது.

முன்னாடி குணகம் ஒட்டிட்டு இருந்தாலும் இதேதான். 5 · 2^(n+1) − 3 · 2^(n−1)-ல சின்னது n−1, பெரியது அதைவிட ரெண்டு கூட, அதனால 2^(n−1)-ஐ எடுத்தா உள்ள 5 · 4 − 3, அதாவது 17. விடை 17 · 2^(n−1). உள்ள அஞ்சையும் நாலையும் பெருக்கின பிறகுதான் மூணைக் கழிக்கணும், அது மட்டும் கவனம்.

பின்னமா வந்தா

பரீட்சையில அதிகமா வர்ற ரூபம் இதுதான்:

```
(2^(n+4) - 2·2^n) / (2·2^(n+3))
```

இதைப் பார்த்த உடனே கை பரபரக்கும், மேலயும் கீழயும் 2 இருக்கே, 2^n இருக்கே, அடிச்சுடலாம்னு. அடிக்காதீங்க, இன்னும் அடிக்கிற நிலைமைக்கு அது வரல. மேல கழித்தல் இருக்கும்போது ஒரு உறுப்புல மட்டும் அடிச்சா கணக்கே மாறிடும். மேல இருக்கிறது முழுசும் ஒரே பெருக்கலா மாறின பிறகுதான் அடிக்கலாம், அப்படி மாத்துறதுதான் காமன் எடுக்குறதோட வேலையே.

மேல மட்டும் தனியா எடுத்துப் போடுங்க. 2^(n+4) வந்து 16 · 2^n, அடுத்தது 2 · 2^n, அது ஏற்கனவே நமக்கு வேணும்கிற மாதிரியே இருக்கு. அதனால 2^n (16 − 2) = 14 · 2^n. கீழ 2 · 2^(n+3) வந்து 2 · 8 · 2^n = 16 · 2^n. இப்ப மேலயும் கீழயும் 2^n பெருக்கலா நிக்குது, இப்ப அடிக்கலாம்:

```
14 · 2^n / (16 · 2^n) = 14/16 = 7/8
```

n காணாமலே போச்சு பாருங்க. n எதுவா இருந்தாலும் விடை 7/8-தான். n = 2 போட்டா மேல 64 − 8 = 56, கீழ 2 · 32 = 64, 56-ஐ 64-ஆல வகுத்தா 7/8. இந்த மாதிரி பின்னக் கணக்குல கடைசியில n மிஞ்சினா உடனே தப்புன்னு முடிவு பண்ணிடாதீங்க, சில கணக்குல மிஞ்சத்தான் செய்யும், ஆனா "மதிப்பு காண்க"ன்னு கேட்டு n எவ்வளவுன்னு சொல்லலன்னா அது போயே ஆகணும், மிஞ்சுனா திரும்பிப் போய் பாருங்க.

பேஸ் வேற வேறயா இருந்தா

நாலு, எட்டு, பதினாறு இதெல்லாம் ரெண்டோட குடும்பம்தான். காமன் தேடுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ரெண்டுக்கு இறக்கிடணும். 4^(n+1) − 2^(2n−1) எடுத்துக்கங்க. 4^(n+1)-ஐ 2^(2n+1)-ன்னு எழுதுறது ரொம்ப சகஜமான தப்பு, ரெண்டு n-ஐ மட்டும் பெருக்கி 1-ஐ விட்டுடுவாங்க. மேல n+1 முழுசும் ஒரு பிராக்கெட், ரெண்டு ரெண்டு பேரையும் பெருக்கணும், அதனால 2^(2n+2). இனிமே பழைய கதைதான், சின்னது 2n−1, வித்தியாசம் மூணு, விடை 7 · 2^(2n−1). n = 2-ல 64 − 8 = 56, 7 · 8 = 56.

ஆனா ரெண்டும் மூணும் ஒரே குடும்பம் இல்ல. 2^n + 3^n-ல பொதுவா வெளிய எடுக்க எதுவுமே இல்ல, அதை அப்படியே விட்டுட வேண்டியதுதான், 5^n-ன்னு சேர்த்துடக்கூடாது. அதே மாதிரி 2^(2n) − 2^n-ல காமன் எடுக்கலாம், 2^n (2^n − 1) வரும், ஆனா அங்க உள்ள ஒரு நம்பரா சுருங்காது, ஏன்னா ரெண்டு பவருக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் n, அது மாறிட்டே இருக்கு. வித்தியாசம் 3, 5 மாதிரி நிலையான நம்பரா இருந்தாத்தான் பிராக்கெட் ஒரே நம்பரா சுருங்கும். கணக்கைத் தொடங்குறதுக்கு முன்னாடி ரெண்டு பவரையும் மனசுல கழிச்சுப் பார்த்தாலே, n அடிபடுதா இல்லையான்னு தெரிஞ்சுரும்.

ரெண்டு குடும்பம் கலந்து வர்ற ஒரு கணக்கு

கடைசியா, இந்த முறை எதுக்கு நிஜமா உதவுதுன்னு காட்டுற ஒரு கணக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. n ஒரு இயல் எண், 3^(n+2) − 2^(n+2) + 3^n − 2^n எப்பவும் பத்தால மீதியில்லாம வகுபடும்னு நிறுவணும். ஒவ்வொரு நம்பரா போட்டுப் பார்த்தா நிறுவினதா ஆகாது, எத்தனை தடவைதான் போடுறது.

குடும்பம் குடும்பமா பிரிச்சு உக்கார வைங்க, மூணெல்லாம் ஒரு பக்கம், ரெண்டெல்லாம் ஒரு பக்கம். இப்படி சேர்க்கும்போது ரெண்டோட பக்கம் ரெண்டுமே மைனஸ், அதனால மைனஸை வெளிய எடுத்தா பிராக்கெட்டுக்குள்ள பிளஸ் வரும், இங்கதான் குறி மாறிப் போகும், நிதானமா எழுதுங்க.

```
(3^(n+2) + 3^n) - (2^(n+2) + 2^n)
= 3^n (9 + 1) - 2^n (4 + 1)
= 10 · 3^n - 5 · 2^n
```

முதல் பாதியில பத்து வந்தாச்சு. ரெண்டாவது பாதியில அஞ்சுதான் இருக்கு, பத்து வேணும்னா இன்னொரு ரெண்டு தேவை. அந்த ரெண்டை எங்க இருந்து எடுக்குறது? 2^n-க்குள்ளயே இருக்கு, அதுல இருந்து ஒரு ரெண்டை கடன் வாங்கிக்கலாம், 2^n = 2 · 2^(n−1), அப்ப 5 · 2^n = 10 · 2^(n−1).

```
= 10 (3^n - 2^(n-1))
```

n = 1 போட்டா 27 − 8 + 3 − 2 = 20, இந்தப் பக்கம் 10 (3 − 1) = 20. n = 2 போட்டா 81 − 16 + 9 − 4 = 70, இந்தப் பக்கம் 10 (9 − 2) = 70.

இதுல கேள்வியில "n இயல் எண்"னு ஏன் சொல்லியிருக்காங்கன்னு பாருங்க. n = 0 போட்டா 9 − 4 + 1 − 1 = 5, பத்தால வகுபடாது. நம்ம விடையிலயும் 2^(n−1) அரையாயிடுது, 10 (1 − 1/2) = 5. அந்த ரெண்டை கடன் வாங்கணும்னா 2^n-க்குள்ள குறைஞ்சது ஒரு ரெண்டாவது இருக்கணும், n = 0-ல 2^0 வெறும் 1, கொடுக்க அதுகிட்ட ரெண்டு இல்ல.